கூற்றும் சரி, காரணமும் சரி. விடை மட்டும் ஏன் தவறாகிறது?

தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில், பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கும் அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் சில இளைஞர்களுக்கும் மாலை நேரத்தில் பாடம் சொல்லித் தருகிறேன். கூற்று–காரணம் வகை வினாக்களில் இவர்கள் இழக்கும் மதிப்பெண்களைத் தனியே ஒரு நோட்டில் குறித்து வந்தேன். பாடம் தெரியாமல் இழந்தவை அதில் குறைவு. கூற்று உண்மை என்றும் காரணம் உண்மை என்றும் சரியாகக் கண்டுபிடித்த பிறகு, கடைசி அடியில் வழுக்கி விழுந்தவையே மிகுதி. ஆகவே இந்தக் குறிப்பு அந்த ஒரே இடத்தைப் பற்றியது: இரண்டு வாக்கியங்களும் உண்மையாக இருந்தும், காரணம் கூற்றை விளக்காமல் நிற்கும் வினாக்கள்.

இவ்வகை வினாவில் வழக்கமாக நான்கு விடைகள் தரப்படும். இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது என்பது ஒன்று. இரண்டும் சரி, ஆனால் காரணம் கூற்றை விளக்கவில்லை என்பது மற்றொன்று. கூற்று மட்டும் சரி, காரணம் மட்டும் சரி என்பவை எஞ்சிய இரண்டு. கீழே முதல் விடை, இரண்டாம் விடை என்று நான் சொல்வது இந்த வரிசையைத்தான். எல்லா வினாத்தாளிலும் வரிசை இப்படியே இருப்பதில்லை; சிலவற்றில் இரண்டும் தவறு என்ற விடையும் சேர்ந்திருக்கும். எனவே விடைகளைப் படிக்காமல் பழக்கத்தில் எழுத்தைக் குறிப்பவர்கள் வேறொரு பள்ளத்தில் விழுவார்கள். அது கவனக்குறைவு, இங்கே அதைப் பற்றிப் பேசவில்லை.

அறிகுறி: இரண்டுக்கும் ‘சரி’ போட்டவுடன் பேனா தானாக முதல் விடைக்குப் போகிறது

“ரெண்டும் கரெக்ட்டுதானே மிஸ், அப்புறம் என்ன?” என்று கேட்கும் மாணவரிடம் காணப்படும் கோளாறு இது. வினா மூன்று தீர்ப்புகளைக் கேட்கிறது. அவர் இரண்டை மட்டும் வழங்கிவிட்டு எழுந்துவிடுகிறார். கூற்று உண்மையா என்பது கூற்றை மட்டும் பார்த்துச் சொல்ல வேண்டியது. காரணம் உண்மையா என்பது காரணத்தை மட்டும் பார்த்துச் சொல்ல வேண்டியது. விளக்குகிறதா என்பதோ இரண்டில் எதனுடைய குணமும் அன்று. அது இரண்டுக்கும் இடையிலுள்ள உறவின் குணம். உண்மையான ஒரு வாக்கியம் ஒரு கூற்றுக்குக் காரணமாக நிற்கலாம், அடுத்த கூற்றுக்குக் காரணமாக நிற்காமல் போகலாம்.

இதை எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க நான் துறைமுகத்தைத்தான் பயன்படுத்துகிறேன். ‘துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது’ என்பதைக் காரணமாகக் கரும்பலகையின் வலப்பக்கம் எழுதுவேன். இடப்பக்கம் முதலில் ‘காசிமேட்டில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் கட்டிக் கிடக்கின்றன’ என்று எழுதுவேன். இரண்டும் உண்மை, எச்சரிக்கை வந்ததால் படகுகள் போகவில்லை, காரணம் கூற்றை விளக்குகிறது. பிறகு இடப்பக்கத்தை மட்டும் அழித்துவிட்டு, ‘கடல் கொந்தளிப்பாக இருக்கிறது’ என்று எழுதுவேன். வலப்பக்கத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை, இரண்டும் இன்னமும் உண்மைதான், ஆனால் கூண்டு ஏற்றியதால் கடல் கொந்தளிக்கவில்லை. கடலோரத்தில் பிறந்த எந்தப் பிள்ளையும் இதற்குத் தயங்குவதில்லை. அறிவியல் பாடத்தில் இதே உறவு வரும்போதுதான் தயக்கம் வருகிறது, ஏனென்றால் அங்கே கூண்டும் கடலும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நீக்கும் முறை எளிது. இரண்டு வாக்கியங்களுக்கும் பக்கத்தில் தனித்தனியே ‘சரி’ குறித்த பின், அவற்றுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு சிறு வட்டம் போட வேண்டும். அந்த வட்டத்துக்குள் ஆம் அல்லது இல்லை என்று எழுதாமல் விடையைத் தொடக் கூடாது. சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றினாலும், வட்டம் காலியாக இருப்பது கண்ணை உறுத்தும்.

அறிகுறி: இரண்டு வரியிலும் ஒரே பொருளின் பெயர் வருவதால், தொடர்பு இருப்பதாகத் தோன்றுகிறது

கூற்று: சோடியம் உலோகம் மண்ணெண்ணெயில் வைத்துப் பாதுகாக்கப்படுகிறது. காரணம்: சோடியம் கத்தியால் வெட்டக்கூடிய அளவுக்கு மென்மையான உலோகம்.

இரண்டும் பாடநூலில் அருகருகே படித்தவை, இரண்டும் சோடியத்தைப் பற்றியவை, எனவே மனம் அவற்றை ஒட்டவைத்துவிடுகிறது. இடையில் ‘ஏனெனில்’ என்ற சொல்லைச் செருகிப் படித்துப் பார்க்கும்படி பலரும் சொல்லித் தருவார்கள். அது தவறான அறிவுரை அன்று. ஆனால் போதாத அறிவுரை. ‘ஏனெனில்’ என்பது நல்ல பசை. எதையும் எதனோடும் ஒட்டிக் காட்டும். வேகமாகப் படித்தால், ‘சோடியம் மண்ணெண்ணெயில் வைக்கப்படுகிறது, ஏனெனில் அது மென்மையானது’ என்பது காதுக்கு ஒழுங்காகவே கேட்கும். மென்மையான பொருளைப் பத்திரமாக வைப்பதுதானே முறை என்று மனம் ஒரு கதையையும் சேர்த்துக்கொள்ளும்.

இதற்கு நான் சொல்லும் முறை, காரணத்தைக் கையால் மூடிக்கொள்வது. கூற்றை மட்டும் படித்து, ‘ஏன்?’ என்று கேட்டு, தம் சொந்தச் சொற்களில் ஒரு வரி விடையை ஓரத்தில் எழுத வேண்டும். ‘காற்றிலும் ஈரத்திலும் பட்டால் சோடியம் வேகமாக வினைபுரியும்’ என்று எழுதிய பிறகு கையை எடுத்தால், அச்சிலுள்ள காரணம் மென்மையைப் பற்றிப் பேசுகிறது என்பது அப்போதே வெட்டவெளிச்சமாகிவிடும். காரணத்தை முதலில் படித்துவிட்டால் இந்தப் பயன் போய்விடும். படித்த காரணத்துக்கு ஏற்ப மனம் வளைந்துகொள்ளும். ஆகவே வரிசை முக்கியம்: கூற்றின் உண்மை, கூற்றுக்குச் சொந்த விளக்கம், அதன் பிறகே காரணத்தைப் படித்தல்.

அறிகுறி: கூற்றின் உண்மையான காரணம் நினைவிலேயே இல்லை

மேலே சொன்ன முறை, உண்மைக் காரணம் தெரிந்தவருக்கு உதவும். தெரியாதவர் ஓரத்தில் எதை எழுதுவார்? தேர்வறையில் பெரும்பாலும் நேர்வது இதுதான், மேலும் பலர் கைவிட்டு ஊகிப்பதும் இங்கேதான். ஆனால் உண்மைக் காரணம் தெரியாமலேயே, கொடுத்த காரணம் அது அன்று என்று காட்ட ஒரு வழி உண்டு. அதை வகுப்பில் பங்காளிச் சோதனை என்று அழைக்கிறோம்.

கொடுத்த காரணம் யாருக்கெல்லாம் பொருந்தும் என்று பார்க்க வேண்டும். கூற்றில் உள்ள பொருளோடு அந்தக் காரணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் இன்னொரு பொருளைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பங்காளியிடம் கூற்று பலிக்கிறதா? காரணம் அவனிடமும் இருந்து, கூற்று மட்டும் அவனிடம் இல்லையென்றால், அந்தக் காரணம் தனியாக அந்தக் கூற்றை உண்டாக்கும் ஆற்றல் உடையது அன்று.

கூற்று: வைரம் மின்சாரத்தைக் கடத்தாது. காரணம்: வைரம் கார்பனின் ஒரு புறவேற்றுமை வடிவம். இரண்டும் உண்மை. இந்தக் காரணத்தில் பங்கு உடைய இன்னொருவர் யார்? கிராஃபைட்டும் கார்பனின் புறவேற்றுமை வடிவம்தான். அதுவோ மின்சாரத்தைக் கடத்தும். எனவே இரண்டாம் விடை. வைரத்தில் ஒவ்வொரு கார்பன் அணுவும் தன் நான்கு வெளிக்கூட்டு எலக்ட்ரான்களையும் நான்கு அண்டை அணுக்களோடு பிணைப்பில் போட்டுவிடுகிறது, கிராஃபைட்டில் மூன்றோடு மட்டும் பிணைந்து ஓர் எலக்ட்ரானை நடமாட விடுகிறது என்ற பாடம் மறந்தே போயிருந்தாலும் விடை மாறாது.

இனி ஒன்றை முழுவதுமாகச் செய்து பார்ப்போம். சென்ற பருவத்தில் நான் கொடுத்த பயிற்சித் தாளில் மிகுதியானவர்கள் தவறவிட்ட வினா இது.

கூற்று: இதயத்தின் இடது வெண்ட்ரிக்கிளின் சுவர், வலது வெண்ட்ரிக்கிளின் சுவரைவிடத் தடிமனானது. காரணம்: இடது வெண்ட்ரிக்கிளில் ஆக்சிஜன் மிகுந்த இரத்தம் உள்ளது.

கூற்று உண்மை. காரணமும் உண்மை, நுரையீரலிலிருந்து வரும் இரத்தம் இடது ஆரிக்கிள் வழியாக இடது வெண்ட்ரிக்கிளுக்கு வருகிறது. முதல் விடையைக் குறித்த மாணவி ஒருத்தியிடம், எப்படி விளக்குகிறது என்று கேட்டேன். “ஆக்சிஜன் நெறைய இருந்தா தசைக்குச் சத்து நெறைய கெடைக்கும், அதான் தடிமன் மிஸ்” என்றாள். அவள் தூங்கி வழிந்து எழுதிய விடை அன்று அது. காரணத்துக்கும் கூற்றுக்கும் நடுவே ஒரு பாலத்தைத் தானே கட்டியிருந்தாள். பாலம் பொய், இதயத் தசைக்கு ஆக்சிஜன் முதன்மையாகக் கரோனரித் தமனிகள் வழியாக வருகிறது, அறைக்குள் நிற்கும் இரத்தத்திலிருந்து அன்று, வலது வெண்ட்ரிக்கிளின் தசைக்கும் அப்படித்தான். ஆனால் அவளுக்குக் கரோனரித் தமனி தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். சோதனையைச் செய்யச் சொன்னேன். ஆக்சிஜன் மிகுந்த இரத்தம் இதயத்தில் வேறு எங்கே இருக்கிறது? இடது ஆரிக்கிளில். அதன் சுவர் எப்படி? மெல்லியது. நுரையீரல் சிரையில்? அதுவும் மெல்லிய சுவர்தான். காரணம் மூன்று இடங்களில் இருக்கிறது, தடிமன் ஓரிடத்தில் மட்டும் இருக்கிறது. அவள் கேட்காமலேயே விடையை அடித்துத் திருத்தினாள்.

உண்மைக் காரணம் அழுத்தம். வலது வெண்ட்ரிக்கிள் பக்கத்திலுள்ள நுரையீரலுக்கு மட்டும் இரத்தத்தைத் தள்ளுகிறது. அது சுருங்கும்போது ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் போதும். இடது வெண்ட்ரிக்கிள் உச்சி முதல் பாதம் வரை அனுப்ப வேண்டும். அதற்கு ஏறக்குறைய 120 வேண்டும். உழைப்புக்கு ஏற்பத் தசை தடிக்கிறது. கருவில் இருக்கும் குழந்தைக்கு இரண்டு வெண்ட்ரிக்கிள்களும் ஏறத்தாழ ஒரே அழுத்தத்துக்கு எதிராக உழைப்பதால் சுவர்களும் ஏறத்தாழச் சமமாக இருக்கின்றன என்பதும், பிறந்த பின்னரே இடப்பக்கம் முந்துகிறது என்பதும் பாடத்துக்கு வெளியே இருந்தாலும், அழுத்தமே காரணம் என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் செய்தி எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த மாணவியின் பிழை கவனிக்கத்தக்கது. இரண்டு உண்மைகளுக்கு இடையே மூன்றாவதாக ஓர் இணைப்பு வரி தேவைப்படும்போது, அந்த வரியையும் உண்மையா என்று சோதிக்க வேண்டும். வினாவில் அச்சிடப்படாத வாக்கியம் என்பதால் யாரும் அதற்கு ‘சரி’, ‘தவறு’ போடுவதில்லை. அதனால்தான் விளக்கமே சொல்லத் தெரிந்த பிள்ளைகளும் இங்கே தவறுகிறார்கள்.

அறிகுறி: முன்னால் நடந்தது, பின்னால் நடந்ததற்குக் காரணமாகிவிடுகிறது

வரலாற்றுப் பாடத்தில் இது மிகுதி; விரைவில் சரிசெய்யலாம். கூற்று: தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. காரணம்: இந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1853இல் பம்பாயிலிருந்து தானே வரை ஓடியது. ஆண்டு வரிசை சரியாக இருப்பதால் முதலாவது இரண்டாவதை இழுத்து வந்ததுபோல் தெரிகிறது. ஆனால் பம்பாயில் ஓடியது என்ற செய்தியால், சென்னையில் ஏன், இராயபுரத்தில் ஏன், 1856இல் ஏன் என்ற மூன்றில் ஒன்றுக்கும் விடை வரவில்லை. காரணப் பகுதியில் ஆண்டும் நிகழ்ச்சியும் மட்டும் இருந்து, செயல்படும் விசை எதுவும் சொல்லப்படாவிட்டால், சந்தேகப்படுவதே நல்லது.

அறிகுறி: இதைக் கற்ற பிறகு, எல்லாவற்றுக்கும் இரண்டாம் விடையே வருகிறது

மருந்து அதிகமாகிவிட்டதன் அடையாளம் இது. பங்காளிச் சோதனையைக் கற்றுத் தந்த அடுத்த வாரமே இது தலைகாட்டும் என்று எதிர்பார்த்துக்கொள்ளலாம். காரணம் எல்லாவற்றையும் சொல்லவில்லையே, ஒரு பகுதியைத்தானே சொல்கிறது என்று நல்ல மாணவர்கள் வாதாடுவார்கள். இங்கே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: முழுமையாக விளக்காத காரணம் வேறு, விளக்கவே செய்யாத காரணம் வேறு. இரண்டு வரி வினாவில் முழுச் சங்கிலியும் அடங்காது. சங்கிலியின் தீர்மானிக்கும் கண்ணி இருந்தால் அது விளக்கமே.

எங்கள் கரையே இதற்கு எடுத்துக்காட்டு. கூற்று: சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே உள்ள கரையில் கடலரிப்பு ஏற்பட்டது. இதற்கு மூன்று காரணங்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம், மூன்றும் உண்மை.

முதலாவது: சென்னைத் துறைமுகம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்டது. இது காலத்தை மட்டும் சொல்கிறது. துறைமுகத்தின் தெற்குப் பக்கத்துக்கும் இதே வரி பொருந்தும், அங்கோ மணல் சேர்ந்து மெரினா அகன்றது. பங்காளி எதிர்த்துச் சாட்சி சொல்வதால், இது விளக்கவில்லை.

இரண்டாவது: வடக்குக் கரையில் கருங்கல் தடுப்புகளும் தூண்டில் வளைவுகளும் போடப்பட்டுள்ளன. இது வேறு வகைச் சிக்கல். இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரச் சாலையில் போகிறவர்கள் கற்குவியலையும் அரிப்பையும் சேர்த்தே பார்க்கிறார்கள், சேர்த்துப் பார்த்தவற்றைக் காரண காரியமாக நினைப்பது இயல்பு. ஆனால் வினாவில் கேட்டது முதன்முதலில் அரிப்பு ஏன் வந்தது என்பது. கல் போட்டது அரிப்பு வந்ததற்கு மனிதர் செய்த பதில் வேலை. அம்பு திரும்பி நிற்கிறது. இப்படிப்பட்ட வினாவைக் கண்டுபிடிக்க, காரணத்தையும் கூற்றையும் இடம் மாற்றிப் படித்துப் பார்க்க வேண்டும். ‘கரை அரிக்கப்பட்டது, ஆகவே கல் போட்டார்கள்’ என்பது நேராக ஓடுகிறது என்றால், ‘கல் போட்டார்கள், ஆகவே கரை அரிக்கப்பட்டது’ என்பது வினாவுக்கு விடையாகாது. ஒரு தூண்டில் வளைவு தனக்கு அப்பால் வடக்கே உள்ள கரைக்கு மணல் போகாமல் செய்து, அங்கே புதிய அரிப்பை உண்டாக்குவதும் உண்டு என்பது உண்மைதான். எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர் இதைச் சொல்லி என்னை மடக்கியிருக்கிறார். ஒரு குறிப்பிட்ட வளைவுக்கு வடக்கே உள்ள இடம் என்று கூற்று சொல்லியிருந்தால் அவர் சொன்னதே சரியாக இருந்திருக்கும். துறைமுகத்துக்கு வடக்கே என்று கூற்று சொல்வதால் இல்லை. கூற்றின் ஒவ்வொரு சொல்லுக்கும் இவ்வளவு எடை இருக்கிறது.

மூன்றாவது: துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்து நிறுத்துகின்றன. மணல் ஏன் வடக்கு நோக்கி நகர்கிறது என்று இது சொல்லவில்லை. ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் தென்கிழக்குத் திசையிலிருந்து சாய்வாக வந்து கரையில் மோதுவதையோ, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சில மாதங்கள் மணல் தெற்கு நோக்கித் திரும்பினாலும் நிகரக் கணக்கு வடக்கு நோக்கியே நிற்பதையோ சொல்லவில்லை. இருந்தாலும், வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை, அலை எடுத்துச் செல்வது மட்டும் நிற்கவில்லை என்ற தீர்மானிக்கும் கண்ணி இதில் இருக்கிறது. தெற்கே மணல் சேர்ந்ததும் இதே வரியால் விளங்கிவிடுகிறது. இது முதல் விடை. முழுமை இல்லை என்று சொல்லி இதை விலக்குகிறவர், தேர்வில் எந்தக் காரணத்தையும் ஏற்க மாட்டார்.

அறிகுறி: பங்காளிச் சோதனையே தவறான விடையைத் தருகிறது

கூற்று: இரும்புத் துண்டு நீரில் மூழ்கும். காரணம்: இரும்பின் அடர்த்தி நீரின் அடர்த்தியைவிட அதிகம். ஒரு மாணவர் எழுந்து, துறைமுகத்தில் நிற்கும் கப்பலும் இரும்புதானே, காரணம் கப்பலுக்கும் பொருந்துகிறது, கப்பல் மிதக்கிறது, எனவே காரணம் விளக்கவில்லை என்றார். வகுப்பே அவர் பக்கம் சாய்ந்துவிட்டது.

பிழை பங்காளியைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது. கூற்று திண்மத் துண்டைப் பற்றிப் பேசுகிறது. கப்பல் உள்ளே காற்றை அடைத்த கூடு, அதன் மொத்த எடையை மொத்தப் பருமனால் வகுத்தால் கிடைக்கும் சராசரி அடர்த்தி நீரைவிடக் குறைவு. பங்காளி மற்ற எல்லா வகையிலும் கூற்றிலுள்ள பொருளை ஒத்திருக்க வேண்டும். திண்மமான செம்புத் துண்டு, திண்மமான ஈயத் துண்டு ஆகியவை நேர்மையான பங்காளிகள். இரண்டின் அடர்த்தியும் நீரைவிட அதிகம், இரண்டும் மூழ்குகின்றன. முதல் விடையே சரி. வைரத்துக்குக் கிராஃபைட் ஏன் பொருந்தியது, இரும்புத் துண்டுக்குக் கப்பல் ஏன் பொருந்தவில்லை என்ற ஐயம் நியாயமானது. வைரத்தின் வினாவில் காரணம் ‘கார்பனின் வடிவம்’ என்று மட்டும் சொன்னது. அந்தச் சொல்லின் எல்லைக்குள் கிராஃபைட் முழுமையாக அடங்கும். இரும்பின் வினாவில் காரணம் இரும்பு என்ற பொருளின் அடர்த்தியைச் சொன்னது. காற்றும் சேர்ந்த கப்பல் அந்தச் சொல்லின் எல்லைக்குள் அடங்காது.

வகைப்பாட்டு வினாக்களிலும் இந்தச் சோதனை நன்றாக வேலை செய்யும், ஆனால் அங்கே ‘ஏன்’ என்பதன் பொருள் சற்று மாறுகிறது. திமிங்கிலம் ஒரு பாலூட்டி என்பது கூற்று என்றால், அது ஏன் அப்படி ஆனது என்று யாரும் கேட்கவில்லை. அதை ஏன் அப்படி வகைப்படுத்துகிறோம் என்பதே கேள்வி. ‘குட்டிக்குப் பாலூட்டுகிறது’ என்பது விளக்கம். ‘நுரையீரலால் சுவாசிக்கிறது’ என்பது உண்மை, ஆனால் காகமும் ஓணானும் நுரையீரலால்தான் சுவாசிக்கின்றன.

அறிகுறி: கணக்குப் பாடத்தில் மட்டும் எப்போதும் முதல் விடையாகவே தோன்றுகிறது

கணக்கில் எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடையதுதானே என்ற எண்ணமே இதற்குக் காரணம். உண்மையில் இங்கேதான் சோதனை மிகக் கூர்மையாக இருக்கிறது, ஏனெனில் பங்காளியை நாமே எண்களால் செய்துகொள்ளலாம். கூற்று: 18, 25 ஆகியவை சார்பகா எண்கள். காரணம்: 18 இரட்டை எண், 25 ஒற்றை எண். இரண்டும் உண்மை. 25க்குப் பதில் 27ஐ வையுங்கள்: 18 இரட்டை, 27 ஒற்றை, ஆனால் இரண்டும் 9ஆல் வகுபடும். காரணம் விளக்கவில்லை. ‘18இன் பகாக் காரணிகள் 2, 3, 25இன் பகாக் காரணி 5 மட்டும்’ என்று இருந்தால் விளக்கியிருக்கும்.

விடைக்குறிப்பே சறுக்கக்கூடிய இடம் ஒன்றும் இங்கே இருக்கிறது. கூற்று: 12, 18 ஆகியவற்றின் மீப்பெரு பொதுக் காரணி 6, மீச்சிறு பொது மடங்கு 36. காரணம்: இரண்டு எண்களின் பெருக்கற்பலன், அவற்றின் மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு ஆகியவற்றின் பெருக்கற்பலனுக்குச் சமம். 12 × 18 = 216, 6 × 36 = 216; எல்லாம் பொருந்துவதால் முதல் விடை என்று எழுதத் தோன்றும், சில பயிற்சித் தாள்கள் இத்தகைய வினாவுக்கு அப்படியே விடையும் தருகின்றன. ஆனால் 1, 216 என்ற இணையும் 216ஐத் தரும். 2, 108 என்பதும் தரும். பெருக்கற்பலன் விதியால் 6ஐத் தேர்ந்தெடுக்க முடியவில்லை, எனவே என் கணிப்பில் இது இரண்டாம் விடை. ‘மீப்பெரு பொதுக் காரணி 6 எனில், மீச்சிறு பொது மடங்கு 36’ என்று கூற்று எழுதப்பட்டிருந்தால் கதை வேறு; 6 கொடுக்கப்பட்டுவிட்டது, 216ஐ 6ஆல் வகுத்தால் 36 மட்டுமே வரும், காரணம் முழுமையாக விளக்குகிறது. ‘எனில்’ என்ற ஒரு சொல் விடையை மாற்றிவிடுகிறது. இத்தகைய வினா பயிற்சித் தாளில் வந்தால், விடைக்குறிப்போடு மோதுவதற்கு முன், கூற்றில் அந்தச் சொல் இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்க்கச் சொல்வேன். இல்லையென்றால் 1, 216 என்ற இணையை ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ஆசிரியரிடம் அதைக் காட்டிக் கேட்கச் சொல்வேன்.